நாலு பல் இருந்தால் இரண்டு வயதா? படம் பார்த்து ஆட்டுக்கும் மாட்டுக்கும் வயது சொல்வது

பக்ரீதுக்கு ஒரு மாதம் இருக்கும்போதே என் வாட்ஸ்அப்பில் ஆட்டு வாய்கள் வரத் தொடங்கிவிடும். தாராவி, குர்லா, மும்ப்ரா என்று தெரிந்தவர்கள் எல்லாரும் அனுப்புவார்கள். உதட்டைக் கீழே இழுத்துப் பிடித்த ஒரு கட்டைவிரல், நாலைந்து பல், பாதி நாக்கு. அதற்குக் கீழே ஒரு வரி: "காக்கா, இது எத்தனை பல்? எடுக்கலாமா?"

நான் கால்நடை மருத்துவர் இல்லை. கீழக்கரைப் பக்கம் எங்கள் மாமா ஒருவர் ஆட்டு வியாபாரம் பார்த்தார். அவரோடு சந்தைக்குப் போய்ப் பல் பார்க்கப் பழகியவன் நான், அவ்வளவுதான். ஊரில் என்றால் ஆட்டைக் கையில் பிடித்துப் பார்த்துத்தான் வாங்குவோம். மும்பையில் கதை வேறு. தேவ்னார் சந்தைக்கு ராஜஸ்தானிலிருந்தும் மத்தியப் பிரதேசத்திலிருந்தும் லாரி லாரியாக ஆடு வந்து இறங்குகிறது. அந்தக் கூட்டத்துக்குள் போகப் பயந்துகொண்டு பலரும் தரகர் அனுப்பும் படத்தைப் பார்த்தே முன்பணம் கொடுத்துவிடுகிறார்கள். பக்ரீதுக்குக் குர்பானி கொடுக்கும் ஆட்டுக்குக் குறைந்தபட்ச வயது உண்டு, அதில் ஏமாந்தால் குர்பானியே கேள்விக்குள்ளாகும் என்பதால் பல் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் பதற்றம். அதனால்தான் எனக்கு இத்தனை படம் வருகிறது.

சரி, வாயிலிருந்து தொடங்குவோம். ஆட்டுக்கும் மாட்டுக்கும் மேல்தாடையில் முன்பல் கிடையாது. அங்கே கெட்டிப்பட்ட ஈறுதான் இருக்கும். "மேல்பல் எல்லாம் விழுந்துடுச்சு, கிழட்டு ஆடு போல" என்று ஒவ்வொரு வருடமும் யாராவது ஒருவர் எழுதாமல் இருப்பதில்லை. முன்பல் எட்டும் கீழ்த்தாடையில்தான். குட்டிக்கு முதலில் வருவது எட்டுப் பால்பல். பிறகு நடுவிலிருந்து ஓரம் நோக்கி ஜோடி ஜோடியாகப் பால்பல் விழுந்து, அந்த இடத்தில் நிலையான பல் முளைக்கும். நடு ஜோடி மாறினால் இரண்டு பல் ஆடு. அடுத்த ஜோடியும் மாறினால் நாலு பல், அப்புறம் ஆறு, கடைசியில் ஓரத்து ஜோடியும் மாறினால் எட்டுப் பல்லும் சேர்ந்தது. தேவ்னாரில் தோ தாந்த், சார் தாந்த் என்பதும் இதே கணக்குதான். இந்த ஊர் மராட்டிக்காரர்கள் மாட்டில் பால்பல் மாறாததை ஆதத் என்றும், இரண்டு பல்லை துசா என்றும், நாலு பல்லை சௌசா என்றும் சொல்வார்கள்.

ஆக, "இரண்டு பல்" என்றால் வாயில் இரண்டே பல் இருக்கிறது என்று பொருள் இல்லை. எட்டும் இருக்கும், அதில் இரண்டு மாறியிருக்கும். படத்தில் பல்லை எண்ணிப் பயனில்லை. எத்தனை ஜோடி மாறியிருக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

நம்மூர் வெள்ளாட்டில் முதல் ஜோடி ஒரு வயது தாண்டி, ஒன்றரை வயதுக்குள் மாறும். இரண்டாம் ஜோடி ஒன்றரையிலிருந்து இரண்டு வயதுக்குள். மூன்றாம் ஜோடி இரண்டிலிருந்து மூன்று வயதுக்குள். நாலாவது மூன்றிலிருந்து நாலுக்குள். இதை யாரும் மாதக் கணக்கில் துல்லியமாகச் சொல்ல முடியாது. நல்ல தீனி தின்று வளர்ந்தது சீக்கிரம் மாற்றும். காய்ந்த காட்டில் மேய்ந்தது தாமதமாக மாற்றும். இனத்துக்கு இனமும் வேறுபடும். ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு குட்டிகள் ஒன்றிரண்டு மாத வித்தியாசத்தில் பல் மாற்றுவதும் சாதாரணம்.

இந்த அகலமான இடைவெளியில்தான் நம் ஆட்களுக்கு ஒரு சிக்கல் வருகிறது. தேவ்னாரில் வாங்க வருபவர்களில் பெரும்பாலோர் ஹனஃபி என்ற மார்க்கச் சட்டப் பிரிவை, அதாவது மத்ஹபைப் பின்பற்றுகிறவர்கள். அவர்களுக்கு வெள்ளாட்டுக்கு ஒரு வயது நிறைந்தால் போதும். அதனால் அங்கே எல்லாப் பேச்சும் "தோ தாந்த்" என்பதோடு முடிந்துவிடும். இரண்டு பல் மாறியிருந்தால் ஒரு வயது தாண்டிவிட்டது என்று அநேகமாக நம்பலாம். ஆனால் கீழக்கரை, காயல்பட்டினம் மாதிரி கடற்கரை ஊர்களிலிருந்து வந்த தமிழர்களில் நிறையப் பேர் ஷாஃபி. அந்த மத்ஹபில் வெள்ளாட்டுக்கு இரண்டு வயது நிறைந்திருக்க வேண்டும். ஒரு வயது போதும் என்பது செம்மறிக்குத்தான். தரகர் தோ தாந்த் என்று சொல்லி நல்ல மனதோடுதான் விற்கிறார். அவர் கணக்கில் தப்பே இல்லை. ஆனால் அந்த ஆடு இவர்களுக்கு ஆகாது. அப்போ நாலு பல் வேண்டும் என்று கேட்டு வாங்கிவிடலாம் என்று நினைக்கிறார்கள். அதிலும் ஓட்டை இருக்கிறது.

2025 பக்ரீதுக்கு முன்னால் குர்லாவிலிருந்து என் தங்கை வீட்டுக்காரர் அனுப்பிய படத்தையே எடுத்துக்கொள்வோம். பழுப்பு நிறத்தில் புள்ளி போட்ட சிரோஹி கிடா, நல்ல உயரம், பளபளவென்று தோல். "நாலு பல், ரெண்டு வயசுக்கு மேலன்னு சொல்றான் மச்சான். அட்வான்ஸ் போடவா?" என்று கேட்டிருந்தார். இரண்டு படம். ஒன்று முழு ஆடு, மற்றொன்று வாய்.

வாய்ப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முதலில் தேட வேண்டியது நடுக்கோடு. இரண்டு நடுப்பல்லுக்கும் இடையே உள்ள அந்தக் கோட்டிலிருந்து இடது பக்கம் நாலு, வலது பக்கம் நாலு எண்ண வேண்டும். உதடு சரியாக இறக்கப்படாவிட்டால் ஓரத்துப் பல் ஒளிந்துகொள்ளும். நாக்கு ஒரு பக்கத்தை மூடிவிடும். இந்தப் படத்தில் வலது பக்கம் நாலும் தெரிந்தது. இடது பக்கம் மூன்று தெரிந்தது, நாலாவது உதட்டுக்குள். அது பரவாயில்லை, நமக்கு வேண்டியது உள்பக்கத்து ஜோடிகள்தான்.

நடு ஜோடி சந்தேகத்துக்கு இடமில்லாமல் மாறிய பல். நிலையான பல் அகலமாக, மண்வெட்டி மாதிரி இருக்கும், நிறம் லேசான மஞ்சள். பால்பல் ஒடுக்கமாக, வெண்மையாக இருக்கும். அகலத்தில் கிட்டத்தட்ட இரண்டில் ஒரு பங்குதான் வரும். நடு ஜோடி முழு உயரத்துக்கு எழும்பி, விளிம்பு லேசாகத் தேய்ந்தும் இருந்தது. அதாவது முளைத்துச் சில மாதங்களாவது ஆகியிருக்கிறது.

இரண்டாம் ஜோடியில்தான் விஷயம். வலது பக்கத்துப் பல் அகலமாக, ஏறக்குறைய நடுப்பல் உயரத்துக்கு வந்திருந்தது. இடது பக்கத்துப் பல்லும் அகலம்தான், ஆனால் பாதி உயரத்தில் நின்றது. விளிம்பில் தேய்மானமே இல்லை, கூர்மையாக இருந்தது. அதன் அடியில் ஈறு கொஞ்சம் புடைத்துச் சிவந்திருந்தது. மூன்றாம் ஜோடி இரண்டு பக்கமும் சின்னப் பால்பல். ஆக, தரகர் பொய் சொல்லவில்லை. நாலு பல்தான். ஆனால் நாலாவது பல் இப்போதுதான் வந்துகொண்டிருக்கிறது. இரண்டாம் ஜோடி மாறும் காலம் ஒன்றரையிலிருந்து இரண்டு வயது. அதுவும் முளைப்பின் நடுவில் இருக்கிறது. எனக்குத் தோன்றியது 19லிருந்து 23 மாதம். நன்றாகத் தீனி போட்டு வளர்த்த ஆடு என்பது முழுப் படத்திலேயே தெரிந்ததால், மனசு குறைந்த பக்கமே சாய்ந்தது.

இப்போது இரண்டு வயது என்பது எந்த இரண்டு வயது? குர்பானிக் கணக்கு பிறை வருடக் கணக்கு. பிறை வருடம் ஏறக்குறைய 354 நாள். இரண்டு வருடம் என்றால் 708 நாள், நம் காலண்டரில் 23 மாதம் சொச்சம். ஒரு துல்ஹஜ் மாதம் பத்தாம் நாளான பக்ரீதிலிருந்து அதற்கடுத்த இரண்டாவது பக்ரீது வரை என்று வைத்துக்கொண்டால் கணக்கு எளிதாகிவிடும். 2025இல் இந்தியாவில் பக்ரீது ஜூன் 7. இரண்டு பிறை வருடம் பின்னால் போனால் 2023 ஜூன் 29, அதுவும் பக்ரீது நாள். ஆகவே தரகரிடம் கேட்க வேண்டிய கேள்வி வயது பற்றியதே இல்லை. "முந்தின வருஷம் விடு, அதுக்கு முந்தின பக்ரீது அன்னைக்கு இந்தக் குட்டி பிறந்திருந்ததா?" என்று கேட்க வேண்டும். மாதக் கணக்கு கேட்டால் எல்லாருமே வாய்க்கு வந்ததைச் சொல்வார்கள். பண்டிகையை வைத்துக் கேட்டால் ஆடு வளர்த்தவனுக்கு நினைவு வரும். அந்த வருஷம் எத்தனை ஆட்டை விற்றோம், கொட்டகையில் எந்தக் குட்டி பால் குடித்துக்கொண்டிருந்தது என்பதெல்லாம் அவன் மறக்கமாட்டான்.

மச்சான் அப்படியே கேட்டார். தரகர் வளர்த்தவனுக்குப் போன் போட்டுவிட்டு வந்து, அந்தப் பக்ரீது கழிந்து மழைக்காலத்தில் பிறந்தது என்றார். பொய் சொல்லாத மனிதர். 2023 மழைக்காலம் என்றால் 2025 ஜூனில் 21லிருந்து 23 மாதம் வரும். படம் சொன்னதும் அதுதான். இவர்கள் ஷாஃபி என்பதால் அந்த ஆட்டை விட்டுவிட்டார்கள். ஹனஃபிக் குடும்பம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கியிருக்கலாம், ஆடு அத்தனை அழகு.

இதிலிருந்து நான் எல்லாருக்கும் சொல்வது ஒன்றுதான். பல் ஒருபோதும் "இவ்வளவு வயது" என்று சொல்லாது. "இவ்வளவுக்குக் குறையாது" என்று வேண்டுமானால் சொல்லும். அதனால் உங்கள் எல்லைக் கோட்டைத் தாண்டிய பிறகுதான் மாறும் ஜோடி எது என்று பாருங்கள். ஒரு வயது வேண்டுமென்றால் முதல் ஜோடி. இரண்டு வயது வேண்டுமென்றால் இரண்டாம் ஜோடி போதாது. மூன்றாம் ஜோடி மாறி முழு உயரத்துக்கு வந்த ஆறு பல் ஆடாகத் தேடுங்கள். கொஞ்சம் விலை கூடும், கறி கொஞ்சம் முற்றலாக இருக்கும். ஆனால் சந்தேகத்தோடு சாப்பிட வேண்டியதில்லை. மறுபக்கமும் உண்டு: பல் மாறவில்லை என்பதால் ஒரு வயது ஆகவில்லை என்று முடிவு கட்டவும் முடியாது. 15 மாத ஆடு பால்பல்லோடு நிற்பது உண்டு. வீட்டில் பிறந்த குட்டி, பிறந்த தேதி உறுதியாகத் தெரியும் என்றால் பல்லைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். தேதி தெரியாதபோதுதான் பல். மார்க்கத் தீர்ப்பை என்னிடம் கேட்காதீர்கள், உங்கள் ஆலிமிடம் கேளுங்கள்.

ஆட்டின் உருவத்தைப் பார்த்து வயது சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. பர்பரி இனம் முழு வளர்ச்சி அடைந்தாலும் குள்ளமாகவே நிற்கும். மூன்று வயதுக் கிடாவைக் குட்டி என்பார்கள். மாறாக, நன்றாகத் தீனி வைத்து விதையடித்த சிரோஹி ஒரு வயதிலேயே மலை மாதிரி நிற்கும். தாடியும் கொம்பும் கூட அப்படித்தான்.

இனி படம் செய்கிற மோசடி. மனிதன் செய்கிறதைவிட இது அதிகம், செய்கிறவருக்கே தெரியாமல் நடப்பது. கைபேசியை வாய்க்கு மிக அருகில் கொண்டுபோய் எடுத்தால், கேமராவுக்குப் பக்கத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும், தள்ளியிருப்பது சிறுக்கும். ஆட்டின் பல் வரிசை வளைவானது. நடு ஜோடி முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். எனவே எட்டும் பால்பல்லாக இருந்தாலும் நடு ஜோடி மட்டும் மாறிய பல் போல அகலமாகத் தோன்றும். போதாக்குறைக்குப் பால்பல்லிலேயே நடு ஜோடி ஓரத்தைவிடக் கொஞ்சம் பெரியதுதான். இதைப் பிரித்தறிய ஒரு வழி உண்டு. கேமராவின் வேலை என்றால் நடுவிலிருந்து ஓரம் வரை அகலம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே போகும். உண்மையாகவே பல் மாறியிருந்தால் மாறிய பல்லுக்கும் அடுத்த பால்பல்லுக்கும் நடுவில் சட்டென்று ஒரு குறைவு இருக்கும். அகலத்தில் மட்டும் இல்லை, உயரத்திலும் நிறத்திலும் அந்த இடத்தில் மாற்றம் தெரியும்.

ஃபிளாஷ் போட்டு எடுத்தால் நிறம் போய்விடும். எல்லாப் பல்லும் வெள்ளை வெளேர் என்று ஆகி, எது பால்பல் எது மாறியது என்று நிறத்தை வைத்துச் சொல்ல வழியில்லாமல் போகும். புல் தின்ற கறை இருந்தால் அதற்கு நேர்மாறு. இளம் பல்லும் பழுத்துத் தெரியும். கொஞ்சம் தண்ணீர் விட்டுத் துணியால் துடைத்துவிட்டு எடுக்கச் சொல்வேன். கைபேசி தானாகவே மெருகேற்றும் அழகு வசதி இருக்கிறதே, அதை அணைத்துவிடச் சொல்லுங்கள். பல் இடுக்கையே சில நேரம் அது அழித்துவிடுகிறது.

எல்லா ஜோடியும் ஒரே மாதிரி இருக்கும் வாய்தான் மிகக் கஷ்டம். பக்கத்துப் பல்லோடு ஒப்பிட வழியில்லை. எட்டும் பால்பல்லா, எட்டும் மாறிய பல்லா? ஒரு வயதை நெருங்கும் குட்டியின் பால்பல் தேய்ந்து, தாடை வளர்ந்ததால் இடைவெளி விட்டு நிற்கும். கிழட்டு ஆட்டின் பல்லும் இடைவெளி விட்டுத்தான் நிற்கும். படத்தில் அளவுகோல் இல்லாததால் இரண்டையும் மாற்றிச் சொல்லிவிட வாய்ப்பு அதிகம். கிழட்டு ஆட்டில் ஈறு கீழே இறங்கி, பல்லின் கழுத்து நீளமாக வெளியே தெரியும். அடியில் பழுப்பேறியிருக்கும். பல் முன்பக்கம் சாய்ந்திருக்கும், ஒன்றிரண்டு உடைந்தோ விழுந்தோ இருக்கும். குட்டியில் ஈறு ஒட்டிக் கெட்டியாக இருக்கும். அப்படியும் சந்தேகம் என்றால் பிடித்திருப்பவரின் விரல் நுனியைப் பல்லுக்கு ஒட்டி வைத்து இன்னொரு படம் கேளுங்கள். விரல் நகத்தோடு ஒப்பிட்டால் விஷயம் முடிந்துவிடும்.

நடுவில் இரண்டு பல் இல்லாமல் காலியாக இருந்தால்? "இப்பதான் பால்பல் விழுந்தது, பெருநாளைக்குள்ள முளைச்சுடும்" என்பார்கள். உண்மையாக இருக்கலாம். ஆனால் ஈறில் புதுப் பல்லின் வெள்ளை விளிம்பு தெரியாதவரை நான் அதை இரண்டு பல் என்று சொல்லமாட்டேன். விழுந்ததா, உடைந்ததா, பிடுங்கினதா என்று படத்துக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது.

நல்ல படம் எடுக்க வாயைப் பிளக்க வேண்டியதே இல்லை. நிறையப் பேர் தாடையை வலுக்கட்டாயமாகத் திறக்கிறார்கள். ஆடு திமிறும், நாக்கு முன்னே வரும், பல் மறையும். வாயை மூடியபடியே வைத்து, ஒரு கையால் தாடையை அடியில் தாங்கி, மறு கைக் கட்டைவிரலால் கீழுதட்டை மட்டும் இறக்கினால் போதும். ஒருவர் பிடிக்க, இன்னொருவர் கை நீளத்தில் நின்று, கைபேசியைப் பல் மட்டத்துக்கு இறக்கி, அருகில் போகாமல் ஜூம் செய்து எடுக்க வேண்டும். பக்கவாட்டு வெளிச்சம் நல்லது. நேராக ஒன்று, இரண்டு ஓரத்திலிருந்தும் ஒவ்வொன்று.

எந்த ஆட்டின் வாய் என்பது இன்னொரு கேள்வி. அழகான கிடாவின் முழுப் படமும், வேறு ஏதோ ஆட்டின் எட்டுப் பல் வாயும் சேர்ந்து வருவது நடக்கிறது. போன வருடத்துப் படமே இந்த வருடமும் சுற்றும். நான் கேட்பது ஒரே ஒரு வீடியோ, நடுவில் நிறுத்தாமல்: காதிலிருந்து தொடங்கி முகத்துக்கு வந்து, உதட்டை இறக்கிப் பல்லைக் காட்டி, மறுபடி முகத்துக்கே திரும்ப வேண்டும். மூக்கிலும் உதட்டிலும் உள்ள கருப்புத் திட்டுகளை முழுப் படத்தோடு ஒத்துப் பார்க்கலாம், அது ஆட்டுக்கு ஆடு மாறும். தரமாட்டேன் என்கிறவரிடம் வாங்க வேண்டாம்.

உதட்டைச் சுற்றிப் பொருக்குப் பொருக்காகப் புண் இருக்கும் ஆட்டைப் படத்தில் பார்த்தால் வயதை விடுங்கள், அதை முதலில் சொல்லுங்கள். அது தொற்று நோயாக இருக்கலாம். அதில் ஒரு வகை கையில் கீறல் இருந்தால் மனிதருக்கும் ஒட்டும். சந்தையில் வெறுங்கையால் வரிசையாக நாலு ஆட்டு வாயைத் தடவிப் பார்த்துவிட்டு, அதே கையால் வடாபாவ் சாப்பிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இனிக் கொம்பு. "கொம்புல வளையம் எண்ணிப் பாருங்க காக்கா, ஏழு இருக்கு, ஏழு வயசா?" என்று ஆட்டுக் கொம்பைப் படமெடுத்து அனுப்புவார்கள். வீட்டு ஆட்டில் இது பலிக்காது. இமயமலை ஐபெக்ஸ் மாதிரிக் காட்டு ஆடுகளில் குளிர்காலத்தில் தீனி குறைந்து கொம்பு வளர்ச்சி நின்றுவிடும், வசந்தத்தில் மறுபடி தொடங்கும். அங்கே வருடத்துக்கு ஒரு கோடு விழும், ஆராய்ச்சியாளர்களே அதை எண்ணி வயது சொல்கிறார்கள். அங்கும் கொம்பின் முன்பக்கம் முண்டு முண்டாக இருப்பதை எண்ணக் கூடாது. அது வேறு, வருடக் கோடு வேறு. நம் ஆட்டுக்கு அப்படி வளர்ச்சி முழுதாக நிற்கிற குளிர்காலம் ஏது? கொம்பு முழுக்க நெருக்கமான சுருக்கம் ஓடும். எது வருடம், எது காய்ச்சல், எது வறட்சி என்று பிரிக்க முடியாது. ஆட்டுக் கொம்புப் படம் வந்தால் பல் படம் அனுப்புங்கள் என்று பதில் போட்டுவிடுவேன்.

பசுவின் கொம்பு வளையத்துக்கு ஓரளவு அர்த்தம் உண்டு. சினையின் கடைசி மாதங்களிலும் கன்று போட்டுப் பால் கொடுக்கும் தொடக்கத்திலும் உடம்பில் உள்ள சத்தெல்லாம் கன்றுக்கும் மடிக்கும் போய்விடும். கொம்பு வளர்ச்சி அப்போது மந்தமாகி ஒரு பள்ளம் விழும். பிறகு மறுபடி வளர்ந்து மேடாகும். ஆகவே வளையம் எண்ணுவது வருடத்தை எண்ணுவது இல்லை, ஈத்தை எண்ணுவது. வளையத்தோடு இரண்டைக் கூட்டினால் வயது என்று புத்தகக் கணக்கு. முதல் கன்று மூன்று வயதில், அப்புறம் வருடத்துக்கு ஒன்று என்று வைத்துப் போட்ட கணக்கு அது.

பக்கத்து வீட்டு அக்கா விழுப்புரம் பக்கத்துக்காரர். ஊரில் அம்மாவுக்குப் பால்மாடு வாங்க இங்கிருந்தே பணம் அனுப்புகிறார். அவருக்கு வந்த படத்தில் நாட்டு மாடு, கொம்பில் ஐந்து வளையம் தெளிவாகத் தெரிந்தது. "மூணாம் ஈத்து, அஞ்சு வயசு" என்று விற்பவர் சொல்லியிருக்கிறார். புத்தகக் கணக்குப்படி ஐந்தும் இரண்டும் ஏழு. ஆனால் நாட்டு மாடு முதல் கன்று போடவே நாலு வயது ஆகிவிடும். அடுத்தடுத்த கன்றுக்கு ஒன்றரை வருடம் கூட எடுக்கும். அப்படிப் பார்த்தால் நாலு வயதோடு, நாலு இடைவெளிக்கு ஒன்றரை வீதம் ஆறு சேர்த்து, பத்து வயது. ஒரே கொம்பு, ஐந்தா, ஏழா, பத்தா? ஒரு முறை சினை தப்பியிருந்தால் வளையமே விழாது, வயது இன்னும் கூடும். பெரிய நோயோ கடும் வறட்சியோ வந்திருந்தால் கன்று இல்லாமலே ஒரு கோடு விழும், அப்போது குறையும். ஆக, கொம்பு இங்கே ஒரே ஒரு வேலைதான் செய்தது: விற்பவர் சொன்ன மூன்று ஈத்தை நம்ப முடியாது என்று காட்டியது.

பல் படம் கேட்டோம். நாட்டு மாட்டில் முதல் ஜோடி இரண்டிலிருந்து இரண்டரை வயதில் மாறி, நாலரை, ஐந்து வயதில் எட்டும் சேரும். கலப்பின மாடு கொஞ்சம் முந்தும். அதற்குப் பிறகு புதுப் பல் வராது, தேய்மானம் மட்டும்தான் கணக்கு. இந்த மாட்டுக்கு எட்டும் மாறியிருந்தது. நடு ஜோடியின் கூர் போய், மேற்புறம் தட்டையாகி, நடுவில் மஞ்சள் உட்பகுதி கோடு மாதிரி தெரிந்தது. ஓரத்து ஜோடியிலும் விளிம்பு மழுங்கியிருந்தது. கடைசி ஜோடி இப்போதுதான் சேர்ந்த ஐந்து வயது மாட்டில் அந்த ஓரம் இப்படி மழுங்காது. தேய்மானத்தை வைத்து வருடம் சொல்ல நான் துணியமாட்டேன், மணல் கலந்த மேய்ச்சல் என்றால் சீக்கிரம் தேயும், கட்டுத்தறியில் நின்று தின்றால் மெதுவாகத் தேயும். ஏழுக்குக் குறையாது, அதற்கு மேல் எனக்குத் தெரியாது என்று மட்டும் அக்காவிடம் சொன்னேன்.

கொம்புப் படத்திலும் பார்க்க வேண்டியவை உண்டு. நேர் வெளிச்சத்தில் வளையம் மறைந்துவிடும், காலையிலோ மாலையிலோ பக்கத்திலிருந்து வெயில் விழும்போது எடுத்தால்தான் பள்ளம் மேடு தெரியும். அடிக்கொம்பில் வளையங்கள் நெருங்கி இரண்டு ஒன்றாகத் தெரியும். நம் ஊரில் மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பு சீவி வண்ணம் பூசுவோமே, அந்தச் சீவலில் வளையம் போய்விடும். ஏமாற்றச் சீவியதா, பொங்கலுக்குச் சீவியதா என்று கொம்பைப் பார்த்துச் சொல்ல முடியாது. கலப்பினக் கன்றுகளுக்குச் சின்ன வயதிலேயே கொம்பைச் சுட்டுவிடுவதால் எண்ண ஒன்றுமே இருக்காது. காளைக்கும் எருதுக்கும் கன்று போடுகிற கணக்கே இல்லை, அதற்கு ஐந்து வயதுக்கு மேல்தான் வளையம் தொடங்கும் என்று வேறு சூத்திரம் சொல்வார்கள், நான் பயன்படுத்துவதில்லை.

அக்கா பிறகு விற்பவரிடம் வயதைக் கேட்கவில்லை. எத்தனை கன்று, ஒவ்வொன்றும் எங்கே இருக்கிறது, கடைசிக் கன்று எப்போது பிறந்தது என்று கேட்டார். ஐந்து கன்று என்று வந்தது பதில். விலையில் எட்டாயிரம் குறைத்துக் கேட்டிருக்கிறார், இன்னும் பேச்சு நடக்கிறது.